ஆய்வின் முக்கியத்துவம்: ஊதிப் பெருக்காமல் எழுதுவது எப்படி?

முனைவர் பட்ட முன்மொழிவுகளில் ‘ஆய்வின் முக்கியத்துவம்’ என்ற பத்தியை மட்டும் தனியே எடுத்து வைத்தால், அது எந்தத் தலைப்புக்கு எழுதப்பட்டது என்று பல நேரங்களில் கண்டுபிடிக்க முடியாது. கல்வியியல் மாணவர் எழுதியதை மேலாண்மை மாணவர் அப்படியே ஒட்டிக்கொள்ளலாம். டாக்டரல் கமிட்டியில் உட்காருபவர்கள் இந்தப் பத்தியைப் படிக்காமல் தாண்டிப் போவதற்கு அதுதான் காரணம். தாண்டிப் போகாதவர் ஒருவர் இருந்தால் இன்னும் சிக்கல். “இதனால் யாருக்கு என்ன பயன்?” என்று அவர் கேட்டால், எழுதி வைத்த பத்தியில் பதில் இருக்காது.

ஏற்கெனவே எழுதிவிட்ட பத்தியை எடுத்துத் திருத்துவது எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டை வைத்தே பார்ப்போம். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பலருக்கும் தெரிந்ததுதான். கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுகட்டுவதற்காக, முதலில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை கொண்டுவந்தார்கள். பிறகு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் நீட்டித்தார்கள். குழந்தை எந்த வகுப்பு என்பதைவிட எந்தக் கற்றல் நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிப்பது அதன் அடிப்படை. ஒரு மாணவி இதை ஆய்வுக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மாவட்டத்தில் எட்டு ஈராசிரியர் பள்ளிகள். ஒரு கல்வியாண்டு முழுவதும் வகுப்பறைக் கவனிப்பு, ஆசிரியர் நேர்காணல், குழந்தைகளின் நோட்டு, நிலைப் பதிவேடு. மதிப்பீட்டில் தெரியவந்ததை ஆசிரியர் மறுநாள் பாடத்தில் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதுதான் கேள்வி. நல்ல கேள்வி. ஆனால் அவர் எழுதிய முக்கியத்துவப் பத்தி இப்படி இருக்கிறது:

“இன்றைய போட்டி நிறைந்த உலகில் அடிப்படை எழுத்தறிவு மிகவும் இன்றியமையாததாகும். இத்தலைப்பில் இதுவரை எவ்வித ஆய்வும் மேற்கொள்ளப்படவில்லை. இவ்வாய்வின் முடிவுகள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர்கள், கொள்கை வகுப்போர், பாடத்திட்டக் குழுவினர் ஆகிய அனைவருக்கும் பெரிதும் பயன்படும். இவ்வாய்வு மாணவர்களின் எழுத்தறிவை மேம்படுத்தும். வளரறி மதிப்பீட்டுக் கோட்பாட்டுக்குப் புதிய பரிமாணம் சேர்க்கும். எதிர்கால ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியாக அமையும்.”

முதலில் வாக்கியங்களைப் பிரித்துப் போடுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றும் எதைப் பற்றிப் பேசுகிறது என்று பக்கத்தில் குறியுங்கள். தலைப்பைப் பற்றியா, ஆய்வின் முடிவைப் பற்றியா?

முதல் வாக்கியம் தலைப்பைப் பற்றியது. எழுத்தறிவு முக்கியம் என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அது முக்கியம் என்பதால் உங்கள் ஆய்வும் முக்கியம் என்று ஆகிவிடாது. இந்த மாதிரி வரிகளை ஆய்வுப் பின்னணிக்கு அனுப்பிவிடுங்கள். அங்கேயும் தேவையா என்பது அடுத்த கேள்வி.

“இதுவரை எவ்வித ஆய்வும் இல்லை” என்ற வரி இரண்டு வகையில் ஆபத்து. ஒன்று, அது பெரும்பாலும் உண்மையாக இருக்காது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் களஞ்சியமான ஷோத்கங்காவில் தேடினால், தலைப்பு அப்படியே கிடைக்காவிட்டாலும் பக்கத்தில் நிற்கும் ஆய்வேடு ஏதாவது கிடைக்கும். திட்டத்தின் பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். பல்நிலைக் கற்பித்தல், வளரறி மதிப்பீடு, செயல்வழிக் கற்றல் என்று நடப்பைச் சொல்லும் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டுத் தேடுங்கள். செயல்வழிக் கற்றல் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் பல ஆண்டுகள் இருந்தது. ஒரே அறையில் பல நிலைக் குழந்தைகளைக் கையாளும் கேள்வி அதிலும் உண்டு. இரண்டாவது ஆபத்து, ஆய்வே இல்லை என்பது உண்மையாக இருந்தாலும் அது ஒரு காரணம் ஆகாது. யாரும் செய்யாமல் விட்டதற்குத் தேவையில்லை என்பதுகூடக் காரணமாக இருக்கலாம்.

கடைசி வரியான ‘எதிர்கால ஆய்வாளர்களுக்கு வழிகாட்டி’ என்பதை யோசிக்காமல் அடித்துவிடலாம். எந்த ஆய்வேட்டில் வைத்தாலும் பொருந்துகிற வரி எதையும் சொல்வதில்லை.

மீதி மூன்று: அனைவருக்கும் பயன்படும், எழுத்தறிவை மேம்படுத்தும், கோட்பாட்டுக்குப் புதிய பரிமாணம். வேலை இவற்றில்தான் இருக்கிறது.

நடைமுறைப் பயன்: யார், எந்த நேரத்தில், என்ன முடிவெடுக்கிறார்?

‘எழுத்தறிவை மேம்படுத்தும்’ என்ற வரியைப் பாருங்கள். இந்த ஆய்வு யாருக்கும் எதையும் கற்பிக்கப் போவதில்லை. எட்டுப் பள்ளிகளில் நடப்பதைப் பார்த்து எழுதப் போகிறது. கவனிப்பு ஆய்வு குழந்தையின் எழுத்தறிவை உயர்த்தாது. ஆய்வுமுறை தர முடியாததை முக்கியத்துவப் பத்தி வாக்களிக்கும் இடம் இது. கமிட்டியில் கூர்மையானவர் முதலில் கை வைப்பதும் இங்கேதான்.

‘அனைவருக்கும் பயன்படும்’ என்பதைத் திருத்த, அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் நிறுத்தி மூன்று விஷயம் கேளுங்கள். இவர் தன் வேலையில் எடுக்கிற எந்த முடிவோடு என் ஆய்வுக்குத் தொடர்பு? அந்த முடிவை எப்போது, எங்கே எடுக்கிறார்? இப்போது எதை வைத்து எடுக்கிறார்?

பெற்றோரை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் மதிப்பீட்டைப் பயன்படுத்தும் விதம் தெரிந்தால் பெற்றோர் என்ன முடிவை மாற்றப் போகிறார்? பதில் வரவில்லை, பெற்றோர் பட்டியலிலிருந்து போகலாம். கொள்கை வகுப்போர்? மாநிலம் முழுக்க ஒரு திட்டத்தை மாற்றுவதற்கு எட்டுப் பள்ளி போதாது. அவர்களும் போகலாம். இந்த இடத்தில் பலருக்குக் கை நடுங்கும். பட்டியல் சுருங்கினால் ஆய்வும் சிறுத்துவிடும் என்று தோன்றும். நெறியாளரே “பாலிசி மேக்கர்ஸ்ஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வதும் உண்டு. அப்படிச் சொன்னால் அவர்கள் எடுக்கும் எந்த முடிவு என்று அவரிடமே பணிவாகக் கேளுங்கள். பதில் வந்தால் நல்ல வரி ஒன்று கிடைக்கும்.

பட்டியலில் இல்லாத ஒருவர்தான் இந்த ஆய்வுக்குச் சரியான ஆள்: வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர். பள்ளிக்கு வந்து வகுப்பைப் பார்ப்பவரும் ஆசிரியரோடு பேசுபவரும் அவர்தான். ஒரு பள்ளியில் மதிப்பீடு பயன்படுகிறதா என்று அவர் எதை வைத்து முடிவு செய்கிறார்? செயலியில் பதிவு முடிந்திருக்கிறதா, குழந்தைகள் நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறார்களா என்பவைதான் சட்டென்று கண்ணில் படுபவை. ஆனால் பதிவு முடிந்திருப்பதும் அந்தப் பதிவால் பாடம் மாறுவதும் ஒன்றல்ல. மொட்டு நிலைக்கு மாறிய குழந்தையின் நோட்டை அடுத்த ஒரு வாரத்துக்குப் புரட்டினால், பயிற்சி மாறியிருக்கிறதா, அதே பயிற்சி வேறு இடத்தில் உட்கார்ந்து நடக்கிறதா என்பது தெரிந்துவிடும். எட்டுப் பள்ளியில் ஓராண்டு இருந்து பார்த்தவர், நோட்டில் எந்த அடையாளத்தைப் பார்த்தால் போதும் என்று சொல்ல முடியும். பயிற்றுநருக்கு அது நேரடியாகக் கைகொடுக்கும்.

இதை ஊகத்தில் எழுதாதீர்கள். முன்மொழிவைக் கொடுப்பதற்கு முன்பே ஒரு பயிற்றுநரையும் ஓர் ஆசிரியரையும் பார்த்துப் பேசுங்கள். “இந்த ஆய்வு உங்களுக்குப் பயன்படுமா?” என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். அதை விட்டுவிட்டு, “போன தடவை பள்ளிக்குப் போனபோது எதையெல்லாம் பார்த்தீர்கள்? பார்த்துவிட்டு ஆசிரியரிடம் என்ன சொன்னீர்கள்?” என்று கேளுங்கள். அவர் பார்க்க விரும்பியும் பார்க்க முடியாமல் போன விஷயம் ஒன்று அந்தப் பேச்சில் வரும். உங்கள் நடைமுறைப் பயன் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒருவேளை பயிற்றுநர்கள் ஏற்கெனவே நோட்டைப் புரட்டித்தான் பார்க்கிறார்கள் என்று தெரியவந்தால், மேலே சொன்ன வரி விழுந்துவிடும். முன்மொழிவு நிலையில் விழுவது நல்லதுதான்.

கோட்பாட்டுப் பயன்: எந்தக் கூற்று, எந்த இடத்தில்?

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இதில். ‘புதிய பரிமாணம் சேர்க்கும்’ என்பது கோட்பாட்டைத் திறந்து பார்க்காதவர் எழுதுகிற வரி. திருத்துவதற்கு முதல் வேலை, கோட்பாட்டின் பெயரை எழுதாமல் அது சொல்லும் கூற்றை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்ப்பது.

வளரறி மதிப்பீட்டில் அந்தக் கூற்று தெளிவாகவே இருக்கிறது. ராமபிரசாத் 1983இல் பின்னூட்டத்தை வரையறுத்தபோது, இருக்கும் நிலைக்கும் எட்ட வேண்டிய நிலைக்கும் உள்ள இடைவெளியைப் பற்றிய தகவல், அந்த இடைவெளியை மாற்றப் பயன்பட்டால்தான் பின்னூட்டம் என்றார். அவர் எழுதியது மேலாண்மைத் துறையில். அதைக் கல்விக்குக் கொண்டுவந்த சாட்லர், 1989இல், தகவல் வெறுமனே பதிவாகிப் போனாலோ, விளைவை மாற்றும் அறிவோ அதிகாரமோ இல்லாத மூன்றாம் ஆளிடம் போய்ச் சேர்ந்தாலோ அந்தச் சுற்று முழுமையடையாது என்றார். பிளாக், வில்லியம் இருவரும் 1998இல் செய்த பெரிய மீள்பார்வையிலும் மையம் இதுவே: கிடைத்த சான்றைக் கொண்டு கற்பித்தலை மாற்றினால்தான் அது வளரறி மதிப்பீடு.

ஆக, “பதிவு மட்டும் செய்தால் பயனில்லை என்பதை இவ்வாய்வு வெளிக்கொணரும்” என்று எழுதினால் அது கோட்பாட்டுப் பங்களிப்பு ஆகாது. சாட்லர் அதை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார். மாணவியின் இரண்டாம் வரைவில் இப்படித்தான் வரும். பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடுவார்கள். ‘தமிழ்நாட்டுச் சூழலில் இக்கோட்பாட்டைப் பொருத்திப் பார்க்கும்’ என்பதும் இதே ரகம். இடம் மாறினால் மட்டும் போதாது. அந்த இடத்தில் கோட்பாடு கவனிக்காத எது இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

இங்கே என்ன இருக்கிறது? ஈராசிரியர் பள்ளியை நினைத்துப் பாருங்கள். ஐந்து வகுப்புகளை இருவர் பிரித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் 1, 2, 3ஐ ஒருவர் ஒரே அறையில் வைத்துக்கொள்வார். மதிப்பீட்டில் ஒரு குழந்தை பின்தங்கியது தெரிந்தால் அவரால் இரண்டு வேலை செய்ய முடியும். அந்தக் குழந்தைக்குக் கற்பிக்கும் விதத்தை மாற்றலாம். அல்லது குழந்தையை வேறு நிலைக்கு மாற்றிவிட்டு, அந்த நிலைக்கு வழக்கமாக நடத்துவதையே நடத்தலாம். இரண்டுமே சான்றைப் ‘பயன்படுத்துவது’தான். மேலே சொன்ன வரையறைகள் பயன்பட்டதா இல்லையா என்று கேட்கின்றன. இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பார்ப்பதில்லை. நிலைவாரிப் பிரிப்பையே மையமாக வைத்திருக்கும் வகுப்பறையில் அந்த வித்தியாசம் பெரிது. குழந்தையை இடம் மாற்றுவது, கற்பித்தலை மாற்றுவதற்குப் பதிலியாகிவிடுகிறதா?

இப்போது கோட்பாட்டுப் பயனுக்கு ஓர் உருவம் கிடைத்துவிட்டது. ஒரு கருத்தை இரண்டாகப் பிரித்து, அப்படிப் பிரிப்பது தேவையா என்று களத்தில் பார்ப்பது. முனைவர் பட்ட அளவில் கோட்பாட்டுக்குச் செய்யக்கூடியது பொதுவாக இந்த மாதிரிதான் இருக்கும்: ஒன்றாகக் கலந்து கிடக்கும் இரண்டைப் பிரிப்பது, ஒரு கூற்று எந்த நிலைமை வரை செல்லும் என்று எல்லை காண்பது, ஊகமாக இருக்கும் ஓர் இணைப்பு உண்மையில் எப்படி நடக்கிறது என்று காட்டுவது. புதிய கோட்பாடு படைப்பேன் என்று முன்மொழிவிலேயே எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

இதற்கு மேற்கோள்களை அடுக்க வேண்டியதில்லை. கூற்றைச் சொன்ன மூலக் கட்டுரை ஒன்றோ இரண்டோ போதும். ஆனால் அவற்றை நீங்களே படித்திருக்க வேண்டும். இன்னொருவர் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து எடுத்தால், சாட்லர் ஏற்கெனவே சொன்னதை நீங்கள் கண்டுபிடித்ததாக எழுதும் விபத்து நடந்துவிடும்.

முடிவு தலைகீழாக வந்தால்?

இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. பத்தியில் உள்ள ஒவ்வொரு பயனையும் எடுத்து, ஆய்வு முடிவு நீங்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அந்த வரி நிற்கிறதா?

நம் எடுத்துக்காட்டில், ஆசிரியர்கள் குழந்தையை நிலை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று மாணவி எதிர்பார்க்கிறார். எட்டுப் பள்ளியிலும் நிலை மாறியவுடன் பயிற்சியும் மாறுகிறது என்று வந்தால்? கோட்பாட்டுப் பக்கம், மூன்று வகுப்புகளை ஒருவரே பார்க்கும் கடினமான சூழலில்கூட இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன, பிரித்துப் பார்க்கத் தேவை எழவில்லை என்று சொல்லலாம். அதுவும் ஒரு செய்திதான். பயிற்றுநர் பக்கம், நிலைப் பதிவேட்டைப் பார்ப்பதே போதுமான அடையாளம், நோட்டுகளைத் தனியே புரட்ட நேரம் செலவிட வேண்டியதில்லை என்று ஆகும். இரண்டு வரிகளும் தாங்குகின்றன.

‘எழுத்தறிவை மேம்படுத்தும்’ என்பதை இதே சோதனையில் வைத்தால் உடனே உடையும். முடிவை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டு எழுதிய வரி அது. ‘இம்முறையின் சிறப்பை நிறுவும்’, ‘தாக்கத்தை நிரூபிக்கும்’ என்று வருபவையும் அப்படியே.

பரிசோதனை ஆய்வு செய்பவர்களுக்கு இதில் ஒரு வேலை கூடுதல். எவ்வளவு வித்தியாசம் வந்தால் களத்தில் ஒருவர் தன் முடிவை மாற்றுவார் என்று எழுத வேண்டும். பத்தியில் அந்த அளவைச் சொல்லிவிட்டு, அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே முடியாதபடி மிகக் குறைந்த பங்கேற்பாளர்களை ஆய்வுமுறையில் வைத்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

இனி எழுதலாம்

எழுதும்போது வினைச்சொற்களைக் கவனியுங்கள். எட்டுப் பள்ளிக் கவனிப்புக்கு ‘விவரிக்கும்’, ‘வேறுபடுத்திக் காட்டும்’, ‘அடையாளம் காணும்’ என்பவை பொருந்தும். ‘நிரூபிக்கும்’, ‘உறுதிசெய்யும்’, ‘வழிவகுக்கும்’ பொருந்தாது. அதற்காக ‘ஓரளவு’, ‘சிறிதளவேனும்’, ‘ஒருவேளை உதவக்கூடும்’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் பம்ம வேண்டாம். எல்லையை ஒரே இடத்தில் நேராகச் சொல்லிவிட்டு மற்ற வரிகளைத் தைரியமாக எழுதுங்கள். திருத்திய பத்தி இது:

“வளரறி மதிப்பீட்டுக் கோட்பாட்டில், சான்று கற்றல் இடைவெளியை மாற்றப் பயன்பட்டதா என்பதே அளவுகோல் (ராமபிரசாத் 1983, சாட்லர் 1989). நிலைவாரி வகுப்பறையில் அந்தப் பயன்பாடு இரண்டு வடிவங்களில் நிகழலாம்: குழந்தைக்கான கற்பித்தலை மாற்றுவது, குழந்தையை வேறு நிலைக்கு மாற்றுவது. இவ்விரண்டும் சேர்ந்து நிகழ்கின்றனவா, ஒன்று மற்றதற்குப் பதிலியாகிறதா என்பதை ஈராசிரியர் பள்ளிகளில் கண்டறிந்து, ‘பயன்பாடு’ என்ற கருத்தைப் பிரிப்பது அவசியமா என்பதை இவ்வாய்வு காட்டும். நடைமுறையில், பள்ளிப் பார்வையின்போது நிலைப் பதிவேடு மட்டும் போதுமான அடையாளமா, குழந்தைகளின் நோட்டுகளையும் பார்க்க வேண்டுமா, பார்த்தால் எதைப் பார்க்க வேண்டும் என்பதை ஆசிரியர் பயிற்றுநர்கள் முடிவுசெய்ய இவ்வாய்வு உதவும். இந்த அடையாளங்களைக் குறுவள மையக் கூட்டங்களில் ஆசிரியர்களோடு கலந்துபேசவும் பயன்படுத்தலாம். மாநில அளவில் இந்நடைமுறைகள் எவ்வளவு பரவலாக உள்ளன என்பதையோ, அவற்றால் கற்றல் அடைவு எவ்வளவு மாறுகிறது என்பதையோ இவ்வாய்வு அளவிடாது.”

பழைய பத்தியைவிட இது நீளம். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. இதை வேறு ஆய்வேட்டில் ஒட்ட முடியாது.

“இவ்வளவுதானா?” என்று கமிட்டியில் யாராவது கேட்பார். கேட்டால் பழைய பட்டியலுக்கு ஓடிவிடாதீர்கள். பயிற்றுநர் இப்போது எதைப் பார்க்கிறார், பார்க்க முடியாதது எது என்று நீங்கள் களத்தில் கேட்டு வந்ததைச் சொல்லுங்கள். விண்ணப்பப் படிவத்தில் ‘சமூகத்துக்கான பயன்’, ‘கொள்கைப் பொருத்தம்’ என்று தனிக் கட்டம் இருந்தால் அதை நிரப்பத்தான் வேண்டும். ஆனால் அங்கேயும் ஆசிரியர், பயிற்றுநர், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் என்று படிப்படியாகப் போய், உங்கள் சான்று எந்தப் படியோடு நின்றுவிடும் என்று எழுதுங்கள்.

அப்புறம் ஒன்று. களத்துக்குப் போன பிறகு திட்டம் மாறும். அனுமதி கிடைக்காமல் எட்டுப் பள்ளி ஐந்தாகலாம். நோட்டுகளைப் படம் எடுக்க ஒரு பள்ளியில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆய்வுமுறை அத்தியாயத்தைத் திருத்தும் அதே நாளில் இந்தப் பத்தியையும் திறந்து, நோட்டுகளை நம்பி நிற்கும் வரி இன்னும் நிற்குமா என்று பாருங்கள். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் ‘ஆய்வின் பயன்கள்’ எழுதும்போது முன்மொழிவில் இருந்ததை எதிர்காலத்திலிருந்து இறந்தகாலத்துக்கு மாற்றி ஒட்டுபவர்கள் அதிகம். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும்.